கல்யாண கார்டில் பழைய நடையா, புதிய நடையா? கோலாலம்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டிக்குப் பழைய நடைதான் பிடிக்கும். எங்கள் நண்பர்கள் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்கவே வராது. ஒரே கார்டு இரண்டு பேருக்கும் எப்படிச் சரிப்படும்?

ஒரே கார்டில் இரண்டு பக்கம். தமிழ்ப் பக்கம் பாட்டிக்கு, ஆங்கிலப் பக்கம் நண்பர்களுக்கு. இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான் இது. ஆனால் பலரும் ஒரு பக்கத்தை எழுதிவிட்டு மறுபக்கத்தை அதன் மொழிபெயர்ப்பாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது 'சுபயோக சுபதினம்' ஆங்கிலத்தில் விநோதமாக வந்து நிற்கும். இல்லையென்றால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலக் கார்டை இழுத்து எழுதியது போல மொட்டையாக இருக்கும்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். பெரியவர்கள் கார்டைக் கையில் வாங்கியதும் பார்ப்பது யார் அழைக்கிறார்கள், எந்தக் குடும்பம், யாருடைய பேரப்பிள்ளை, முகூர்த்தம் எப்போது என்பவற்றைத்தான். இளையவர்கள் தேடுவது எந்த இடம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், கார் எங்கே நிறுத்தலாம், யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை. நடை பக்கத்துக்குப் பக்கம் மாறலாம். பெயர், தேதி, நேரம், இடம் ஆகிய நான்கும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு நடையையும் கலக்க வேண்டாம். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி 'எங்களோடு வந்து ஜாலியாகக் கொண்டாடுங்கள்' என்று முடித்தால் பாட்டிக்கும் பிடிக்காது, பேத்திக்கும் பிடிக்காது.

சரி, ஒரு கார்டை எழுதிக் காட்டுங்களேன்.

ஒரு பெண் வீட்டுக் கார்டை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் அப்பா காலமாகிவிட்டார், அம்மாதான் முன்னின்று நடத்துகிறார். பெண் இளைய மகள். மாப்பிள்ளைக்குப் பிறகு கல்யாணம் ஆக வேண்டிய தம்பி ஒருவர் இருக்கிறார். காலையில் கோவிலில் தாலி கட்டு, இரவு ஒரு மண்டபத்தில் டின்னர். டின்னர் செலவு மணமக்களுடையது. தேதி 23.8.2026, ஞாயிறு. தமிழ்ப் பக்கம் இப்படி வரும்:

உ
முருகன் துணை
திருமண அழைப்பிதழ்

பேரன்புடையீர், வணக்கம்.

நிகழும் மங்களகரமான பராபவ ஆண்டு ஆவணித் திங்கள் 7ஆம் நாள் (23.8.2026) ஞாயிற்றுக்கிழமை, (ஐயர் எழுதிக் கொடுத்த திதியும் நட்சத்திரமும்) கூடிய சுபயோக சுபதினத்தில், காலை 9.00 மணிக்கு மேல் 10.15 மணிக்குள், கன்னி லக்கினத்தில்,

தெய்வத்திரு இன்னார் – திருமதி இன்னார் தம்பதியரின் இளைய மகள்
திருநிறைசெல்வி (மணமகள்) அவர்களுக்கும்,
திரு. இன்னார் – திருமதி இன்னார் தம்பதியரின் மூத்த மகன்
திருவளர்செல்வன் (மணமகன்) அவர்களுக்கும்,

கோலாலம்பூர், ஜாலான் துன் எச்.எஸ். லீ, ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலில் திருமணம் நடைபெற இறையருள் கூடியுள்ளது. தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து மணமக்களை வாழ்த்த அன்புடன் அழைக்கிறோம்.

தங்கள் நல்வரவை நாடும்
திருமதி இன்னார் (மணமகளின் தாயார்)
தாய்மாமன் குடும்பத்தார், சுற்றமும் நட்பும்

இது பழைய நடைதான். ஆனாலும் நீளமான ஒரே வாக்கியத்தைக் கடைசியில் இரண்டாக உடைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஆண்டில் தொடங்கி 'அழைக்கிறோம்' வரை முற்றுப்புள்ளியே இருக்காது. இப்படி உடைத்தால் வாசிக்கச் சுலபம், மரபும் குறையவில்லை. கோவில் பெயரோடு சாலைப் பெயரைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் மகா மாரியம்மன் கோவில்கள் பல. பினாங்கிலிருந்து வரும் உறவினருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே குவீன் ஸ்திரீட் கோவில்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயர் மேலே பெரிதாக இருக்கும். அதன் கீழே 'இரு குடும்பத்தாருடனும் சேர்ந்து உங்களை அழைக்கிறோம்' என்ற பொருளில் ஒரு வரி. அப்புறம் இரண்டே நிகழ்ச்சிகள்: கோவிலில் தாலி கட்டு, 8.45க்குள் அமர்ந்துவிடுங்கள், இரவு டின்னர், 7.30 மணி. முழு முகவரி, வரைபடத்துக்கான கியூஆர் குறியீடு, இரண்டு கைப்பேசி எண்கள். அவ்வளவு போதும்.

முகூர்த்த நேரத்தை '9.00க்கு மேல் 10.15க்குள்' என்று ஆங்கிலப் பக்கத்திலும் போடலாமா?

வேண்டாம். கார்டில் அதிகக் குழப்பம் தரும் வரி இதுதான். அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தாலி ஏறலாம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறப்பு விழா நேரமாக எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வருவார்கள். 9.20க்கே கெட்டிமேளம் முடிந்து, மணமக்கள் படம் எடுக்க நின்றுகொண்டிருப்பார்கள். ஆங்கிலப் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

திதி, நட்சத்திரம், லக்கினம் எல்லாம் இந்தக் காலத்தில் யாருக்குத் தேவை? எடுத்துவிடலாமா?

உங்கள் வீட்டில் அதைப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தாலும் தமிழ்ப் பக்கத்தில் விட்டுவைக்கச் சொல்வேன். ஒன்றரை வரி இடம்தான் பிடிக்கும். அந்த வரி இல்லாத கார்டைப் பார்த்து 'நாள் பார்க்காமலா வைத்தார்கள்' என்று ஒரு பெரியம்மா கவலைப்பட்டால், அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லி மாளாது.

ஆனால் போட்டால் சரியாகப் போட வேண்டும். இந்தியாவில் அச்சான நாள்காட்டியைப் பார்த்து அப்படியே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 7.30 வரை ஒரு திதி என்றால் இங்கே அது 10.00 வரை. நம் முகூர்த்தம் அந்த எல்லைக்குப் பக்கத்தில் விழுந்தால், கார்டில் அச்சாகும் திதியே தவறிப் போகலாம்.

லக்கினத்துக்கு இந்த இரண்டரை மணிக் கணக்கும் போதாது. அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தது. ராகு காலமும் அப்படித்தான். சூரியன் காலை ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6.00 வரை. கோலாலம்பூரிலோ ஆகஸ்டில் சூரிய உதயம் ஏழு மணி தாண்டி. பகலை எட்டாகப் பிரித்துக் கடைசிப் பங்கை எடுத்தால் ஏறக்குறைய மாலை 5.50 முதல் 7.20 வரை வரும். மேலே காட்டிய கார்டில் டின்னரை 7.30 என்று வைத்தது இதனால்தான். மணமக்கள் கேட்டது 6.30. ஒரு மணி நேரம் தள்ளி வைத்ததில் யாருக்கும் நட்டமில்லை.

ஆகவே நாள் குறித்துக் கொடுத்த ஐயரிடமே அந்த வரியை முழுதாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 'மலேசிய நேரத்துக்குத்தானே, ஐயா' என்று ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள்.

புதிய நடை என்றால் இளையவர்களுக்கு, பழைய நடை என்றால் பெரியவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

நம் நாட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுக்கப் பேசினார். அவருடைய சுயமரியாதை இயக்கத்தின் பாதிப்பில் வளர்ந்த குடும்பங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இன்றைக்கும் இருக்கின்றன. அந்த வீட்டுத் தாத்தாவிடம் 'சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்று எழுதிக் காட்டினால் அவர்தான் முதலில் மறுப்பார். 'திருமண அழைப்பிதழ்' என்றும், இன்னும் உறுதியாக இருப்பவர் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்றும் கேட்பார். ஆண்டுப் பெயருக்குப் பதில் திருவள்ளுவர் ஆண்டு வேண்டும் என்பார். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும், 2026க்கு 2057. பிள்ளையார் சுழி இருந்த இடத்தில் ஒரு குறள் வரும்.

அதே வீட்டுப் பேத்தி இணையத்தில் பார்த்த கார்டு பிடித்துப்போய் 'ஸ்ரீ ராமஜெயம்' வேண்டும் என்று கேட்டதையும் பார்த்திருக்கிறேன். வயதை வைத்து ஊகிக்காமல், வீட்டுப் பெரியவரின் கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவர்கள் எதை மரபு என்று நினைக்கிறார்களோ அது அதில் இருக்கும்.

இரண்டு வீடும் இரண்டு விதம் என்றால், மறுப்பில்லாத சொற்களிலேயே கார்டை எழுதிவிடலாம். 'திருமணம்', 'மணமக்கள்', 'நல்வரவு', 'இறையருள்' போன்றவற்றை வைதிக வீடு குறையாக நினைக்காது. கடைசிச் சொல்லைக் கடவுள் மறுப்பு வீடு மட்டும் எடுக்கச் சொல்லும். எடுத்துவிட்டு 'திருமணம் நடைபெற உள்ளது' என்று முடிக்கலாம், வாக்கியம் குறையாது.

நாங்கள்தான் செலவு செய்கிறோம். 'நாங்கள் அழைக்கிறோம்' என்று போட அம்மா அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அழைக்கிறவர் யார் என்பது பெரியவர்களுக்குச் செலவுக் கணக்கில் வருவதில்லை. கார்டு வாங்குகிறவர் 'இந்த வீட்டுக்கு நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும்' என்று நினைப்பது பெற்றோர் பெயரைப் பார்த்துத்தான். உங்கள் பெயரில் மட்டும் கார்டு போனால், அப்பாவோடு தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த ஒருவர் 'அவன் என்னைக் கூப்பிடவில்லை' என்று வராமலே இருந்துவிடலாம். அம்மா அப்பா பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது.

உங்கள் விருப்பமும் நியாயமானதே. நான் சொல்லும் வழி, நிகழ்ச்சியை வைத்துப் பிரிப்பது. தாலி கட்டுக்குப் பெற்றோர் அழைக்கட்டும், டின்னருக்கு நீங்கள் அழையுங்கள். டின்னருக்குத் தனியாக ஒரு சிறு அட்டை செருகி, அதன் தமிழ் வரியை நீங்களே பேசுவது போல எழுதலாம்: 'எங்கள் வாழ்வின் புதிய தொடக்கத்தை உங்களோடு உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசி மகிழ விரும்புகிறோம். அவசியம் வாருங்கள்.' இங்கே 'தாங்கள்' வேண்டாம், 'நீங்கள்' போதும். ஆனால் 'வாங்க', 'வந்துடுங்க' என்று பேச்சு வழக்குக்கு இறங்க வேண்டாம். அந்த அட்டை பெரியப்பா கையிலும்தான் போய்ச் சேரும்.

அப்பா இல்லை. அம்மா பெயரைப் போட்டு அழைக்கக் கூடாது, பெரியப்பா பெயரில்தான் அழைக்க வேண்டும் என்கிறார்கள்.

அம்மா பெயரில்தான் அழைக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்து எழுதித் தருவதில்லை. கணவரை இழந்தவர் மங்கள காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்ற பழைய பழக்கத்தில் வந்தது இது. பெண்ணைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் கார்டில் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதைப் பழைய நடையிலேயே மிக அழகாகச் சொல்லலாம், புதிய நடைக்குப் போகத் தேவையில்லை. 'தெய்வத்திரு இன்னார் – திருமதி இன்னார் தம்பதியரின் மகள்' என்று பெற்றோர் இருவரும் ஒரே வரியில் வருவார்கள். 'காலஞ்சென்ற' என்ற சொல்லும் சரிதான். ஆனால் மங்களக் கார்டில் 'தெய்வத்திரு' மென்மையாக இருக்கிறது. கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதன் கீழ் முதல் பெயர் அம்மாவுடையது. பெரியப்பாவின் பெயர் அடுத்து வரட்டும். அவருக்கும் மரியாதை குறையாது. ஆங்கிலப் பக்கத்தில் அப்பா பெயரோடு 'மறைந்த' என்று சேர்க்க மறக்க வேண்டாம். அது விடுபட்டால் அவரே அழைப்பது போல ஆகிவிடும்.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் 'தம்பதியரின்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, 'திரு. இன்னார், திருமதி இன்னார் ஆகியோரின் மகள்' என்று எழுதலாம். வெளியார் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

திருவளர்செல்வன், திருநிறைசெல்வன்: எது யாருக்கு?

கல்யாணம் ஆக வேண்டிய தம்பி தங்கை இன்னும் வீட்டில் இருந்தால் 'திருவளர்', கடைசிப் பிள்ளைக்கு 'திருநிறை' என்பது வழக்கம். பெரியவர்கள் இதைக் கவனித்துப் படிப்பார்கள். 'அடுத்து ஒரு பையன் இருக்கிறான் போல' என்று வரன் பேச்சே இதிலிருந்து தொடங்கும். இரண்டிலும் நடுவில் 'ச்' வராது. கடைகளில் இருக்கும் மாதிரிக் கார்டுகளில் 'திருவளர்ச்செல்வன்' என்றே நிறைய இருக்கும், பார்த்துத் திருத்துங்கள். மாற்றிப் போட்டுவிடுவோமோ என்று தயக்கமாக இருந்தால் 'செல்வன்', 'செல்வி' போதும்.

பெயரோடு ஏ/எல், ஏ/பி, டத்தோ, பட்டம் எல்லாம்?

ஏ/எல், ஏ/பி அடையாள அட்டையோடு நிற்கட்டும். பெற்றோர் பெயர் மேலேயே இருக்கிறதே. டத்தோ, டான் ஸ்ரீ போன்ற விருதுகளை விடக் கூடாது, டத்தோவின் மனைவி பெயருக்கு முன் டத்தின் என்பதையும்தான். மணமக்களின் படிப்பைப் போடுவது உங்கள் விருப்பம். போட்டால் இருவருக்கும் போடுங்கள்.

வருகிறார்களா இல்லையா என்று சொல்லச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். மண்டபத்துக்கு மேசைக் கணக்குக் கொடுக்க வேண்டுமே?

பத்துப் பேர் மேசைக் கணக்கில் டின்னர் வைக்கிற ஊரில் இதைக் கேட்காமல் முடியாது. ஆனால் கோவில் கல்யாணத்துக்கு இது தேவையில்லை, ஆகவே தமிழ்ப் பக்கத்தில் போட வேண்டாம். டின்னர் அட்டையில் மட்டும் வரட்டும். 'வருகையை உறுதி செய்யவும்' என்பது அலுவலகக் கடிதம் போல இருக்கிறது. 'எத்தனை பேர் வருகிறீர்கள் என்று ஆகஸ்ட் 2க்குள் சொன்னால் உங்களுக்கு இடம் பார்த்து வைக்க உதவியாக இருக்கும்' என்று எழுதினால் கேட்பவருக்கு அக்கறையாகத் தெரியும். 23ஆம் தேதி விருந்துக்கு 2ஆம் தேதி என்றால், சொல்லாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்க மூன்று வாரம் கிடைக்கும்.

கியூஆர் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு மாமாவின் எண்ணும் ஓர் அத்தையின் எண்ணும் இருக்கட்டும். பெரியவர்களுக்கு எப்படியும் குங்குமம் வைத்து நேரில்தான் கார்டு கொடுக்கப் போகிறீர்கள். அப்போதே வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

'அன்பளிப்பு வேண்டாம்' என்று போடலாமா?

தமிழ்ப் பக்கத்தில் கூடவே கூடாது. மொய் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். முன்பு உங்கள் வீட்டில் வாங்கியதைத் திருப்பிச் செய்யக் காத்திருப்பவருக்கு அது வருத்தம். பொட்டலப் பரிசுகளைத் தவிர்க்கத்தான் நினைக்கிறீர்கள் என்றால் நண்பர்களிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.

மலாய், சீன நண்பர்களுக்குத் தனிக் கார்டு வேண்டுமா?

ஆங்கிலப் பக்கம் போதும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் அவர்களுக்கு உதவி. கோவிலில் சைவம் என்று சொல்லிவிடுங்கள். டின்னரில் ஹலால் என்று போடுவது சமைப்பவரிடம் ஹலால் சான்றிதழ் இருந்தால் மட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழைக் கடைக்காரர் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். ஒகர, ஓகாரம் வரும் இடங்களில் இது உடனே தெரியும். நம் கார்டில் 'யோக', 'கோவில்', 'கோலாலம்பூர்' மூன்றையும் பார்த்தால் போதும், அவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உடைந்தால் கடைக்காரரிடமே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கும், புதுப் பிழைகள் வரும்.

அப்புறம் கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள். தமிழ்ப் பக்கத்து முகவரியும் ஆங்கிலப் பக்கத்து முகவரியும் ஒரே இடம்தானா என்று பாருங்கள். ஆங்கில முகவரி கைப்பேசி வரைபடத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். கியூஆர் குறியீட்டைத் திரையில் சோதித்தால் போதாது. கார்டு அளவிலேயே ஒரு தாளில் அச்சிட்டுச் சோதியுங்கள். தங்க நிற மையில், அதுவும் கருஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டால் பல கைப்பேசிகள் அதைப் படிப்பதில்லை. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பில் போடச் சொல்லுங்கள்.

அந்த மாதிரித் தாளை இரண்டு பேரிடம் கொடுங்கள். தமிழ்ப் பக்கத்தை வீட்டுப் பெரியவர் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். விட்டுப்போன மாமா பெயர் அப்போதுதான் வெளியே வரும். ஆங்கிலப் பக்கத்தைத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, 'எத்தனை மணிக்கு, எங்கே வருவாய்' என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் தவறாக இருந்தால் அந்த வரியைத் திருத்தி இன்னொரு மாதிரி எடுங்கள்.